கருத்தடை மாத்திரையும் மனச்சோர்வும்: முறையை மாற்றும் முன் நாங்கள் எதைப் பார்க்கிறோம்

கேள்வி: "குழந்தைக்கு ஒன்றரை வயது. நான்கு மாதமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டாவது மாதத்திலிருந்து காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. கணவர் பக்கத்தில் வந்தால்கூட விருப்பம் வருவதில்லை. டாக்டரிடம் சொன்னால் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார். நெட்டில் பார்த்தால் எல்லாம் மாத்திரையால்தான் என்று எழுதியிருக்கிறார்கள். யார் சொல்வது சரி? வேறு முறைக்கு மாறினால் சரியாகுமா?"

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. மகப்பேறு மருத்துவராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன். "சம்பந்தமே இல்லை" என்று சொல்ல ஆதாரம் கிடையாது. "எல்லாம் மாத்திரையால்தான்" என்று சொல்லவும் கிடையாது. உங்கள் விஷயத்தில் எது உண்மை என்பதை ஓரளவு கண்டுபிடிக்க முடியும். அதற்கு உங்கள் வீட்டிலேயே இருக்கும் ஒரு காலண்டரும் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளும்தான் முக்கியம். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. அழுகையோடு, "இருந்து என்ன பிரயோஜனம்", "எங்கேயாவது போய்விடலாமா" என்ற மாதிரி எண்ணம் ஒரு தடவை வந்திருந்தால்கூட, கீழே உள்ள எதையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மாத்திரைதான் காரணமா என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சரி. நீங்கள் இரண்டு குறைகளை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். மனம் வாடிப்போவது ஒன்று, தாம்பத்தியத்தில் ஆசை குறைவது இன்னொன்று. என்னிடம் வருபவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் சேர்த்துச் சொல்வார்கள். நாங்கள் முதலில் செய்வது இரண்டையும் பிரிப்பது. எது முதலில் வந்தது? மனம் வாடியதால் ஆசை போனதா, ஆசை போனதால் வீட்டில் சங்கடம் வந்து மனம் வாடியதா, அல்லது இரண்டும் தனித்தனியாக வந்தனவா? இதைக் கேட்பதற்குக் காரணம், இரண்டுக்கும் உள்ள ஆதாரம் ஒரே மாதிரி இல்லை.

மனச்சோர்வைப் பற்றி அதிகம் பேசப்படுவது டென்மார்க்கில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. 2016-இல் வெளிவந்தது. 15 முதல் 34 வயது வரையுள்ள பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை எடுத்து, ஹார்மோன் கருத்தடை பயன்படுத்துபவர்களில் எத்தனை பேர் முதல் முறையாக மனச்சோர்வு மருந்து வாங்கத் தொடங்கினார்கள் என்று பார்த்தார்கள். பயன்படுத்தாதவர்களில் வருடத்துக்கு நூற்றுக்குச் சுமார் 1.7 பேர், பயன்படுத்தியவர்களில் சுமார் 2.2 பேர். இளம் வயதுப் பெண்களில், அதாவது 15 முதல் 19 வரை, வித்தியாசம் இதைவிடப் பெரியதாக இருந்தது. நெட்டில் நீங்கள் பார்த்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த ஆய்விலிருந்து கிளம்பியவையாக இருக்கும். இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதுதான் முக்கியம். வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் மனச்சோர்வு வந்த 2.2 பேரில் 1.7 பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடும் என்றும் அதே எண்கள் சொல்கின்றன. தவிர, இது பதிவேடுகளைப் பார்த்துச் செய்த ஆய்வு. மாத்திரை தொடங்கும் காலமே வாழ்க்கையில் நிறைய மாறும் காலம். புது உறவு, கல்யாணம், பிரசவம் எல்லாம் அதை ஒட்டித்தான் வரும். அவற்றின் பங்கை முழுக்கக் கழித்துவிட முடியாது.

அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரே வழி, யாருக்கு எந்த மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது. ஸ்வீடனில் 340 ஆரோக்கியமான பெண்களிடம் மூன்று மாதம் இதைச் செய்தார்கள். அவர்கள் பயன்படுத்திய மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ராடயால் 0.03 மில்லிகிராமும் இருந்தன. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அதே மருந்து, அதே அளவு. அதனால் அந்த முடிவு நமக்கு நேரடியாகப் பொருந்தும். மனச்சோர்வுக்கான அளவுகோலில் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்களின் பொதுவான நல்லுணர்வும், உற்சாகமும், தன்னைக் கட்டுக்குள் வைத்திருக்கும் உணர்வும் குறைந்திருந்தன. எனக்கு இது ரொம்பப் பெரிய பாடம். நோய் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போகாத ஒரு மங்கல் உண்மையில் இருக்கிறது. "மேடம், எனக்கு ஒன்னும் இல்லை, ஆனா நான் நானா இல்லை" என்று பெண்கள் சொல்வது இதைத்தான். மனச்சோர்வு நோய் இல்லை என்பதற்காக "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பினால், ஆய்வே காட்டிய விஷயத்தை நாங்கள் மறுப்பதாக ஆகும்.

இன்னொரு சிறிய ஆய்வும் ஸ்வீடனில்தான் நடந்தது. முன்பு மாத்திரை சாப்பிட்டு மனம் கெட்டது என்று சொன்ன 34 பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்குப் போலி மாத்திரை. எது யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு சுழற்சி. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மறுபடியும் மனநிலை கெட்டது. முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அது வெறும் நினைப்பு அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. பொதுவான சராசரியில் பெரிய வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்கும் இதுவே ஒரு விளக்கம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, மாதவிடாய்க்கு முந்தைய எரிச்சல் உள்ள சிலருக்கு மாத்திரையால் நன்றாகக்கூட ஆகும், ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் கெடும். எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தச் சிறு கூட்டம் காணாமல் போய்விடும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்களா என்பதுதான் நமக்குத் தேவை. அதை எந்தச் சராசரியும் சொல்லாது.

ஆசை குறைவதற்கு வருவோம். இதில் உடலியல் காரணம் ஒன்று தெளிவாக இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை கல்லீரலைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்க வைக்கும். கருமுட்டைப்பையிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனும் குறையும். பெண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது, ஆசையோடு அதற்குத் தொடர்பும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடும்போது ரத்தத்தில் கட்டில்லாமல் சுற்றும் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதுவரை நிச்சயம். ஆனால் இந்தக் குறைவு எல்லாருக்கும் நடக்கிறது, ஆசை மட்டும் சிலருக்குத்தான் குறைகிறது. ரத்தத்தில் எவ்வளவு குறைந்தது என்பதற்கும் ஆசை எவ்வளவு குறைந்தது என்பதற்கும் நேரான பொருத்தம் கிடைக்கவில்லை. அதனால்தான் இதற்கு டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எழுதிக் கொடுப்பதில்லை. லேபில் யாராவது அந்த டெஸ்டை எடுக்கச் சொன்னால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

மேலே சொன்ன 340 பேர் ஆய்வில் ஆசையையும் அளந்தார்கள். மொத்தமாகப் பார்க்கும்போது தாம்பத்திய வாழ்க்கை இரண்டு குழுவிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் ஆசை, கிளர்ச்சி, இன்பம் ஆகிய மூன்றும் மாத்திரைக் குழுவில் கொஞ்சம் குறைந்தன. 1995-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் பிலிப்பைன்ஸின் மணிலாவிலுமாக 150 பெண்கள். எல்லோரும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அல்லது அவர்களின் கணவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். கருத்தரிக்கும் பயம் யாருக்கும் இல்லை. நான்கு மாதம் சிலருக்கு நிஜ மாத்திரையும் சிலருக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரானும் சேர்ந்த கூட்டு மாத்திரையைச் சாப்பிட்ட எடின்பரோ பெண்களுக்கு ஆசை குறைந்தது, மணிலா பெண்களுக்குக் குறையவில்லை. மருந்து ஒன்றுதான், ஊர் வேறு. ஆசை என்பது ஹார்மோனில் மட்டும் இருந்து வருவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

இனி, உங்களைப் போன்ற ஒருவர் எதிரே உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பெண்ணின் கதையை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 29 வயது, பள்ளி ஆசிரியை, இரண்டாவது குழந்தைக்கு இரண்டு வயது. செப்டம்பர் 10-ஆம் தேதி வந்தார். உங்களுடைய அதே இரண்டு குறைகள். ஒரு காகிதத்தை எடுத்து அட்டைகளை வரிசையாக வரைந்தோம். அந்த அட்டையில் 28 மாத்திரை இருக்கும். முதல் 21-இல்தான் ஹார்மோன், கடைசி ஏழு வெறும் இரும்புச்சத்து. முதல் அட்டை ஜூன் 5, இரண்டாவது ஜூலை 3, மூன்றாவது ஜூலை 31, நான்காவது ஆகஸ்ட் 28. அழுகை எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு முதலில் "ஞாபகமில்லை மேடம்" என்றார். பள்ளியில் என்ன நடந்தது, வீட்டில் யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில், ஜூலை நடுவில் பேப்பர் திருத்தும்போது காரணமில்லாமல் அழுதது நினைவுக்கு வந்தது. இரண்டாவது அட்டையின் இரண்டாம் வாரம். அதற்கு முன் மனம் எப்படி இருந்தது? நன்றாகத்தான் இருந்தது. இது முதல் தடயம். மாத்திரை தொடங்கி முதல் சில மாதங்களுக்குள் வந்தால் சந்தேகம் கூடும். இரண்டு வருடம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் வருடம் வந்தால் சந்தேகம் குறையும்.

அப்புறம் நடுவில் நன்றாக இருந்த நாட்கள் உண்டா என்று கேட்டேன். "ஆகஸ்ட் கடைசியில் தங்கச்சி வளைகாப்பு. அந்த நாலு நாள் பழையபடி சிரிச்சுப் பேசினேன், சொந்தக்காரங்களோட இருந்ததாலன்னு நினைச்சேன்" என்றார். காலண்டரில் பார்த்தால் வளைகாப்பு ஆகஸ்ட் 25. அது மூன்றாவது அட்டையின் இரும்புச்சத்து மாத்திரை நாட்களில் விழுந்தது. ஒரு வளைகாப்பை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் முந்தைய அட்டையின் கடைசி வாரமும் பரவாயில்லாமல் இருந்தது என்றார். ஹார்மோன் இல்லாத நாட்களில் தெளிவதும் புது அட்டை தொடங்கிச் சில நாளில் மங்குவதும் மாத்திரையைச் சுட்டும். சிலருக்கு இது தலைகீழாக, ஹார்மோன் நிற்கும் அந்த ஏழு நாளில்தான் எரிச்சலும் அழுகையும் வரும். அவர்களுக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்வதைவிட, இடைவெளியை நான்கு நாளாகக் குறைத்த வகைக்கு மாற்றுவது பலன் தரலாம். அதனால் எந்த நாளில் என்பது தெரியாமல் முறையை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

மூன்றாவது கேள்வி, இதற்கு முன் எப்போதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டீர்களா? இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கல்லூரியில் பீரியட்ஸ் ஒழுங்காக வர மூன்று மாதம் ஒரு மாத்திரை சாப்பிட்டதும், எல்லார் மேலேயும் எரிந்து விழுந்து பாதியில் விட்டதும் நினைவுக்கு வந்தன. அது கருத்தடைக்கு இல்லை என்பதால் அவர் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் மருந்து அநேகமாக ஒரே குடும்பம்தான். முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாதது, மேலே சொன்ன சிறிய ஆய்வின்படி, ரொம்பக் கனமான தடயம். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்ததா, மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ரொம்பக் கஷ்டமாக இருக்குமா என்பவற்றையும் இதே இடத்தில் கேட்போம்.

பிறகு மற்ற காரணங்கள். அவர் முகம் வெளுத்திருந்தது, ஹீமோகுளோபின் 9.8. தைராய்டு சரியாக இருந்தது. நம் நாட்டில் இந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதால் இந்த இரண்டு டெஸ்டையும் நான் விடுவதில்லை. சோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கேட்பேன். செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளே ஆசையைக் குறைக்கும், பழி மாத்திரை மேல் விழும். இன்னொன்று, மனநல மருத்துவர்களும் நரம்பு மருத்துவர்களும் கொடுக்கும் லாமோட்ரிஜின். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் பாதி வரைக்கும் குறைத்துவிடும். இருதுருவ மனநோய்க்காக அதைச் சாப்பிடுபவருக்குக் கருத்தடை மாத்திரை தொடங்கியதும் மனம் சரிந்தால், அங்கே கெடுத்தது மாத்திரையின் நேரடி விளைவாக இல்லாமல், மருந்து போதாமல் போனதாக இருக்கலாம். இதைக் கேட்காமல் விட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கொடுத்தோம். 27-க்கு 12 வந்தது, நடுத்தரம். உயிரை வெறுக்கும் கேள்விக்கு பூஜ்யம். இந்தத் தாள் காரணத்தைச் சொல்லாது. இன்றைக்கு எவ்வளவு, ஆறு வாரம் கழித்து எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் உதவும். ஆசை குறைந்தது எப்போது என்று தனியாகக் கேட்டதற்கு, அவரைத் தனியாக வைத்துப் பேசியபோதுதான் பதில் வந்தது. இரண்டாவது பிரசவத்திலிருந்தே குறைவு, மாத்திரை தொடங்கியதும் இன்னும் குறைந்தது. ஆக மனச்சோர்வில் மாத்திரையின் பங்கு பெரியது என்று நினைத்தேன், ஆசை விஷயத்தில் பாதிதான் என்று நினைத்தேன். இதை அவரிடமும் அப்படியே சொன்னேன். மாத்திரையை நிறுத்தினால் இரண்டும் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தால், ஆசை திரும்பாதபோது தன்னிடம்தான் குறை என்று அவர் நினைத்திருப்பார்.

இனி எதற்கு மாறுவது? உங்களுக்குப் பலர் சொல்லப்போவது "வேற பிராண்ட் மாத்திரை ட்ரை பண்ணுங்க" என்பது. வேறு புரோஜெஸ்ட்ரான் உள்ள மாத்திரைக்கு மாறினால் மனம் தெளியும் என்பதற்கு ஆதாரம் மெலிதானது. சிலருக்குத் தெளிகிறது, அது மாத்திரை மாறியதாலா நாள் போனதாலா என்று சொல்ல முடிவதில்லை. தடயங்கள் லேசாக இருந்து, மாத்திரை அவருக்கு மற்றபடி வசதியாக இருந்தால் அதை முயன்று பார்ப்பேன். தடயங்கள் கனமாக இருந்தால் ஹார்மோனே இல்லாத முறைக்குப் போவேன், அப்போதுதான் பதில் தெளிவாகக் கிடைக்கும். மூன்று மாத ஊசியான அந்தராவை இந்த நிலையில் நான் கொடுக்க மாட்டேன். ஊசி எல்லோருக்கும் மனதைக் கெடுக்கும் என்பதற்காக இல்லை. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மூன்று மாதமும் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தில் ரத்தத்துக்குப் போகும் அளவு குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. டென்மார்க் ஆய்வில் அதைப் பயன்படுத்தியவர்களிடமும் மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்தது. வாரமாத்திரையான சாயா வழக்கமான ஹார்மோன் மருந்து இல்லை, ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் இடங்களைத் தொடுகிறது. அதனால் சோதனைக் காலத்துக்கு அதையும் தள்ளி வைப்பேன். மிஞ்சுவது காப்பர் டி-யும் ஆணுறையும்.

அந்த ஆசிரியைக்குக் காப்பர் டி-தான் மனதில் வந்தது. ஆனால் காப்பர் டி போட்டால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடும், ஹீமோகுளோபின் 9.8-இல் அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. ரத்தசோகை கூடினால் களைப்பும் கூடும், அப்புறம் மனச்சோர்வு ஏன் தீரவில்லை என்று குழம்புவோம். அதனால் அட்டையில் மிச்சமிருந்த ஹார்மோன் மாத்திரைகளைச் செப்டம்பர் 17 வரை முடிக்கச் சொன்னேன். அட்டையின் நடுவில் சட்டென்று நிறுத்தினால் உதிரப்போக்கும் குழம்பும், அதற்கு முன்தினங்களில் சேர்ந்திருந்தால் கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு. அதன் பின் ஆணுறை, இரும்புச்சத்து மாத்திரை, ஆறாவது வாரம் திரும்ப வர வேண்டும். தினமும் இரவு மனதுக்கு பத்துக்கு எத்தனை, ஆசைக்கு எத்தனை என்று இரண்டு எண் மட்டும் எழுதச் சொன்னேன்.

அக்டோபர் கடைசியில் வந்தபோது தாளில் 12 என்பது 5 ஆகியிருந்தது. ஆசைக்கான எண் ஏறவே இல்லை, சொல்லப்போனால் இறங்கியிருந்தது. காரணம் நான் யோசிக்காதது. ஆணுறையை நம்பி இருக்க அவருக்குப் பயம். கிழிந்துவிட்டால் மூன்றாவது குழந்தை என்று ஒவ்வொரு முறையும் மனம் பின்வாங்கியது. மாத்திரையில் இருந்தபோது இல்லாத பயம் அது. ஜனவரியில் ஹீமோகுளோபின் 11.2 ஆனதும் காப்பர் டி போட்டோம். அதற்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில்தான் ஆசை மெல்லத் திரும்பியது. முழுக்கப் பழையபடி இல்லை, ஆனால் "போதும் மேடம், எங்களுக்குள்ள சண்டை இல்ல" என்றார். மாத்திரை நின்றதும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடிக்கும் அந்தப் புரதம் உடனே இறங்கிவிடாது, சில வாரம் முதல் சில மாதம் ஆகலாம். அதனால் ஆசைக்குத் தரும் அவகாசம் மனதுக்குத் தருவதைவிட நீளமாக இருக்க வேண்டும்.

இந்தக் கதையில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்தியதும் இரும்புச்சத்து கொடுத்ததும் ஒரே நேரத்தில். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது எங்கள் விதி, ஆனால் 9.8-ஐ வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் மனம் தெளிந்ததில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, ரத்தம் ஏறியதன் பங்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதி வேண்டுமென்றால் அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதை நான் யாரிடமும் கேட்பதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் பார்த்திருக்கிறேன். எல்லாம் மாத்திரையால்தான் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். நிறுத்தினோம். மூன்று மாதம் ஆகியும் தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை. தேதிகளைத் திரும்பக் கேட்டபோதுதான், அழுகை மாத்திரைக்கு ஒரு மாதம் முன்பே, பிரசவம் முடிந்த கையோடு தொடங்கியது தெரிந்தது. அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. மூன்று மாதம் சிகிச்சை தள்ளிப்போனதற்கு நான் முதல் நாளே தேதி கேட்காததுதான் காரணம். மாத்திரையை நிறுத்தி இரண்டு மூன்று சுழற்சி ஆகியும் மனம் தெளியவில்லை என்றால், மாத்திரையை விட்டுவிட்டு மனச்சோர்வுக்கே சிகிச்சை பார்க்க வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்கள் ஹார்மோன் கருத்தடையே பயன்படுத்தக் கூடாது என்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் மனச்சோர்வு எந்த ஹார்மோன் முறைக்கும் தடை இல்லை என்றே இருக்கிறது.

உங்களுடைய கேள்விக்குத் திரும்பினால், இரண்டாவது மாதத்தில் தொடங்கியது என்பது மாத்திரை மேல் சந்தேகத்தைக் கூட்டுகிறது. ஆனால் குழந்தைக்கு ஒன்றரை வயது என்கிறீர்கள். தாய்ப்பாலை எப்போது நிறுத்தினீர்கள்? பால் கொடுக்கும்போது மாதவிடாய் தள்ளிப்போவதும், உறுப்பு வறண்டு வலிப்பதும், ஆசை குறைவதும் வழக்கம். நிறுத்தும்போது ஹார்மோன் மாறும், தூக்கமும் மாறும், சிலருக்கு மனமும் ஆடும். பால் நிறுத்தியதும் மாத்திரை தொடங்கியதும் அதே நாட்களில் என்றால் இரண்டையும் தனியாகப் பிரிக்கக் காலண்டர் கட்டாயம் வேண்டும். உறவின்போது வலிக்கிறதா என்பதையும் நீங்கள் எழுதவில்லை, வலித்தால் ஆசை போவதற்கு அதுவே போதும், அதற்கு மருந்தும் வேறு. நான்கு அட்டைகளின் தொடக்க தேதி, பால் நிறுத்திய தேதி, அழுகை வந்த முதல் நாள், இரும்புச்சத்து மாத்திரை நாட்களில் எப்படி இருந்தது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லி அதே டாக்டரிடம் ஒருமுறை போங்கள். தேதி போட்ட தாளைப் பார்த்த பிறகும் "சம்பந்தமில்லை" என்றுதான் சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள். அதுவரை அட்டையை நடுவில் விட்டுவிடாதீர்கள். இப்போதே நிறுத்தியாக வேண்டும் என்று தோன்றினால், ஹார்மோன் மாத்திரைகளை முடித்துவிட்டு, அன்றிலிருந்தே ஆணுறையைத் தொடங்குங்கள்.